பெட்டியைத் திருப்பிக் கொடுத்தல்: தாம்பரம் வட்டாரத்தில் கேபிள், டிடிஹெச் இணைப்புத் துண்டிப்பு

ஒரு வீட்டின் தொலைக்காட்சி இணைப்பை நிறுத்துவது என்பது இரண்டு தனித்தனி வேலைகள். அந்த வீட்டுச் செட்டாப் பாக்ஸுக்குத் தரப்பட்டிருக்கும் அனுமதியை நிறுவனத்தின் கணினியில் நீக்கச் செய்வது ஒன்று. பெட்டி யாருக்குச் சொந்தமோ அவரிடம் அதை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு அத்தாட்சி வாங்குவது மற்றொன்று. பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கணினிக் கணக்கை அப்படியே விட்டால் மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். கணக்கை முடித்துவிட்டுப் பெட்டியைப் பரணில் போட்டு வைத்தால் பெட்டிக்கு விலை கேட்பார்கள். தாம்பரம், பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் பகுதிகளில் இணைப்பைத் துண்டிக்கும்போது எழும் கூடுதல் கட்டணத் தகராறுகள் பெரும்பாலும் எந்த விதியிலிருந்தும் வருவதில்லை. இந்த இரண்டு வேலைகளில் ஒன்று முடிந்து மற்றொன்று முடியாமல் நிற்கும் இடைவெளியில்தான் அவை வருகின்றன.

பெட்டி இந்த வட்டாரத்துக்கு வந்த வழி கொஞ்சம் சுற்றானது. கட்டணச் சேனல்களைப் பெட்டி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு நான்கு பெருநகரங்களுக்கும் திட்டமிடப்பட்டு, 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் மட்டும் உண்மையில் நடைமுறைக்கு வந்தது. அப்போது பலர் பெட்டி வாங்காமல் இலவசச் சேனல்களோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு 2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, ஒளிபரப்பு முழுவதும் டிஜிட்டலாக வேண்டும் என்றானது. முதல் கட்டத்தில் சேர்க்கப்பட்ட சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் தாம்பரமும் பல்லாவரமும் அடக்கம். அதற்குக் குறித்த கெடு 2012 அக்டோபர் 31. வழக்குகளால் இங்கே அது இழுத்துக்கொண்டே போனது. 2007இல் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2011இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு மீண்டும் எழுந்த தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது வீடுகளுக்குப் பெட்டியை விலையின்றிக் கொடுக்கத் தொடங்கியது. இதற்கு இடைப்பட்ட காலத்தில் தனியார் கேபிள் நிறுவனங்களின் பெட்டிகளும், கூரைக்குக் கூரை டிடிஹெச் கிண்ணங்களும் பெருகிவிட்டன.

இதனால் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், சொந்தக்காரர் வேறு வேறான பெட்டிகள் இருக்கின்றன. அரசு கேபிள் பெட்டி நிறுவனத்தின் சொத்து. சந்தாதாரர் அதற்கு விலை தரவில்லை. இணைப்பு இருக்கும்வரை வைத்திருக்கலாம், விலகும்போது திருப்பித் தர வேண்டும். ஆபரேட்டர்கள் பலர் இடையில் தனியார் நிறுவனங்களுக்கு மாறியபோது வீடுகளில் தங்கிப்போன அரசுப் பெட்டிகளைத் திரும்பக் கேட்டு அந்த நிறுவனம் அறிவிப்புகள் வெளியிட்டதும் இதனால்தான். தனியார் கேபிள் பெட்டி விலைக்கு வாங்கியதாகவும் இருக்கலாம், வைப்புத்தொகை கட்டி வாடகைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ரசீது இல்லாமல் ஆபரேட்டர் கையில் ரொக்கமாகக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கும் வீடுகள்தாம் அதிகம். டிடிஹெச் பெட்டியைப் பெரும்பாலும் சந்தாதாரர் பணம் கொடுத்தே வாங்குகிறார். ஆனால் சில நிறுவனங்களின் நிபந்தனைகளில் பெட்டியோ அதனுள் செருகும் கார்டோ நிறுவனத்தின் உடைமை என்றும், பயன்படுத்த மட்டுமே தரப்பட்டது என்றும் எழுதியிருக்கும். ‘இலவசப் பெட்டி’ என்று விளம்பரம் செய்து பொருத்திய இணைப்புகளில் இந்த வரியைத் தேடிப் படிப்பது நல்லது.

ஆகவே துண்டிக்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது இணைப்பு எடுத்தபோது கையெழுத்திட்ட சந்தாதாரர் விண்ணப்பப் படிவம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 மார்ச்சில் வெளியிட்ட சேவைத்தர விதிகளின்படி, ஒவ்வொரு இணைப்புக்கும் இந்தப் படிவம் எழுதப்பட வேண்டும். அதன் நகல் சந்தாதாரரிடம் இருக்க வேண்டும். பெட்டி எந்தத் திட்டத்தில் தரப்பட்டது, வைப்புத்தொகை எவ்வளவு, திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கெல்லாம் அதுவே ஆதாரம். புறநகரில் படிவத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. படிவம் இல்லாவிட்டால் பெட்டியின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதில் நிறுவனத்தின் பெயர், பெட்டியின் தொடர் எண், விசி எண் எனப்படும் கார்டு எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து விசி எண்ணைச் சொன்னால், அந்தப் பெட்டி யார் பெயரில் இருக்கிறது, எந்தத் திட்டத்தில் தரப்பட்டது, செயலில் இருக்கிறதா என்று அவர்களால் சொல்ல முடியும். இந்த ஓர் அழைப்பில் பல வீடுகளுக்கு ஓர் ஆச்சரியமும் காத்திருக்கும். பெட்டி வீட்டுச் சொந்தக்காரர் பெயரிலோ, முன்பு குடியிருந்தவர் பெயரிலோ இருக்கும்.

கேபிள் ஆபரேட்டர் ஏன் சில சமயம் துண்டித்த பிறகும் பணம் கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள, பணம் மேலே போகும் வழியைப் பார்க்க வேண்டும். தெருவில் வசூலிக்கும் கேபிள்காரர் சேனல்களை நேரடியாக வாங்குவதில்லை. அவருக்கு மேலே பல ஊர்களுக்குச் சேனல் தரும் பெரிய கேபிள் நிறுவனம் இருக்கிறது. அரசு கேபிளும் அப்படிப்பட்டதே. அந்த நிறுவனம் சேனல் உரிமையாளர்களுக்குக் கட்டும் தொகை, செயலில் உள்ள பெட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. டிராய் விதிப்படி ஒவ்வொரு மாதமும் 7, 14, 21, 28 ஆகிய நான்கு தேதிகளில் இரவு ஏழிலிருந்து பதினொரு மணிக்குள் எடுக்கும் எண்ணிக்கையின் சராசரிதான் அந்த மாதத்துச் சந்தாதாரர் எண்ணிக்கை. ஒரு பெட்டியில் படம் ஓடுகிறதா இல்லையா என்பது இந்தக் கணக்குக்குப் பொருட்டல்ல. தொலைக்காட்சியை அணைத்து, வயரைப் பிடுங்கி, ஊருக்குப் போய்விட்டாலும் கணினியில் அனுமதி இருக்கும்வரை அது செயலில் உள்ள பெட்டிதான். கேபிள்காரர் அந்தப் பெட்டிக்கு மேலே கட்டியாக வேண்டும். “நான் கம்பெனிக்குக் கட்டிட்டேனே” என்று அவர் சொல்வது பல நேரங்களில் உண்மை. பெட்டியை நிறுத்தச் சொல்லி அவர் மேலே தெரிவிக்காமல் விட்டதும் அதே அளவு உண்மையாக இருக்கும். சந்தாதாரர் எந்தத் தேதியில் கேட்டார் என்பதற்கு எழுத்தில் சான்று இருந்தால், இந்த இரண்டாவது உண்மையின் செலவு அவர் தலையில் விழாது.

வாய்ச்சொல்லாகக் கேட்பது போதாது என்பதற்கு இதுவே காரணம். வசூலுக்கு வரும் பையனிடம் “அடுத்த மாசத்துலேர்ந்து வேணாம்ப்பா” என்று சொன்னதை எந்தக் கணினியும் பதிவு செய்யாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணிலோ செயலியிலோ மின்னஞ்சலிலோ துண்டிப்புக் கோரிக்கையைப் பதிந்து, கோரிக்கை எண் வாங்க வேண்டும். ஆபரேட்டருக்கும் அதே நாளில் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பலாம். நிறுத்த வேண்டிய தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே தெரிவித்துவிட்டால், போதிய அவகாசம் தரவில்லை என்ற பேச்சுக்கு இடமிருக்காது. அனுமதி நீக்கப்பட்டதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளவும் வழி உண்டு. குறித்த நாளில் பெட்டியை வயரோடு இணைத்து ஓட விட்டால், சந்தா இல்லை அல்லது அனுமதி இல்லை என்ற செய்தி திரையில் வர வேண்டும். சிக்னல் இல்லை என்ற செய்தி வந்தால் பொருள் வேறு. அது வயர் கழற்றப்பட்டதை மட்டுமே காட்டுகிறது. கணக்கு உயிரோடு இருக்கலாம். கேபிள்காரர் மாடியில் ஏறி வயரைத் துண்டித்துவிட்டுப் போவதை இணைப்பு முடிந்ததாக எடுத்துக்கொண்டு ஏமாறுபவர்கள் இந்த இரு செய்திகளின் வேறுபாட்டைக் கவனிக்காதவர்களே. திரையை அந்த நிலையில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

டிடிஹெச்சில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே முன்பணம் கட்டித்தான் பார்க்க முடியும். ரீசார்ஜ் செய்யாவிட்டால் சேவை தானே நின்றுவிடும். நிலுவை என்று ஒன்று சேர வழியில்லை. ஆனால் அதே முன்பணம் வேறு இரண்டு பொறிகளை வைத்திருக்கிறது. ஒன்று, வங்கிக் கணக்கிலிருந்தோ யுபிஐ வழியாகவோ மாதாமாதம் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு. பெட்டியைக் கழற்றிக் கட்டி வைத்த பிறகும் அது பணம் செலுத்திக்கொண்டே இருக்கும், கணக்கும் செயலில் இருந்துகொண்டே இருக்கும். அதை டிடிஹெச் நிறுவனத்தின் செயலியில் நீக்கினால் மட்டும் போதாது. வங்கிச் செயலியிலோ யுபிஐ செயலியிலோ உள்ள ஆட்டோபே பகுதிக்குப் போய் அங்கேயும் ரத்து செய்ய வேண்டும். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தி துண்டிப்புக்குப் பிறகும் வந்தால், ஏற்பாடு இன்னும் ரத்தாகவில்லை என்று அறியலாம். இரண்டாவது பொறி நீண்டகாலத் திட்டங்கள். ஆறு மாதம், ஓராண்டு என்று மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருகிறார்கள். இடையில் விலகினால் மீதி எவ்வளவு என்பது, கணக்கைத் தள்ளுபடி விலையில் போடுகிறார்களா, சாதாரண விலையில் போடுகிறார்களா என்பதைப் பொறுத்தது.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் இவை எல்லாம் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்று தெரியும். சேலையூரில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் ஜூன் 18 அன்று ஊரப்பாக்கத்துக்குக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் அரசு கேபிள் பெட்டி. மாதம் 240 ரூபாய் என்று பேச்சு, மாதம் முடிந்ததும் கொடுப்பது வழக்கம். படுக்கையறையில் டிடிஹெச்; 180 நாளுக்கு 2,340 ரூபாய் கட்டியதில் 100 நாள் கழிந்திருக்கிறது. தொகைகள் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னவை. கணக்கு எல்லா இணைப்புக்கும் பொருந்தும்.

கேபிள் இணைப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒவ்வொரு கேபிள்காரருக்கும் எல்லை உண்டு. சேலையூர்க்காரரின் வயர் ஊரப்பாக்கத்துக்குப் போவதில்லை. புதிய இடத்தின் ஆபரேட்டரும் அரசு கேபிளைத்தான் தருகிறார் என்றால் அதே பெட்டியை அவர் கணக்குக்கு மாற்றிவிடுவது தொழில்நுட்பப்படி சிறிய வேலை. ஆனால் பழைய ஆபரேட்டரின் கணக்கிலிருந்து ஒரு பெட்டி குறையும் என்பதால் அதில் யாரும் ஆர்வம் காட்டுவதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதே சிக்கலற்ற வழி. ஜூன் 3ஆம் தேதி குடும்பம் துண்டிப்புக் கோரிக்கையைப் பதிகிறது. நிறுத்தும் நாள் ஜூன் 18 என்று அதில் எழுதுகிறது. அன்று மாலை வரை பயன்படுத்தியதற்குத் தர வேண்டியது, நாளுக்கு 8 ரூபாய் வீதம் 18 நாளுக்கு 144 ரூபாய். கேபிள்காரர் முழு மாதத்துக்குக் கேட்கலாம். அவருடைய ரசீதிலோ விண்ணப்பப் படிவத்திலோ முழு மாதக் கட்டணம் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். 96 ரூபாய் வித்தியாசத்துக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு கையெழுத்து வாங்காமல் திரும்புவதைவிட, கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். பிற்பாடு கேட்கப்படக்கூடிய பெட்டி விலைக்கு முன்னால் அது பெரிய தொகையல்ல.

பெட்டியைக் கொடுப்பதற்கு முன் அதன் அடிச்சீட்டு, ரிமோட், அடாப்டர், ஏவி வயர் எல்லாம் ஒரே சட்டகத்தில் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். ஏதாவது குறைந்தால் அதற்குத் தனியாக விலை கேட்பார்கள். அடாப்டர் மாறிப்போவதுதான் அடிக்கடி நடப்பது. பிறகு ஆபரேட்டரிடமோ அவர் அலுவலகத்திலோ கொடுத்து, கீழ்க்கண்டவாறு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கலாம்:

“அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் ஒன்று, விசி எண் ………, ரிமோட், அடாப்டர், ஏவி வயருடன், வேலை செய்யும் நிலையில் இன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. இணைப்பு இன்று முதல் நிறுத்தப்பட்டது. இன்று வரையிலான சந்தா பெறப்பட்டது, பாக்கி இல்லை. தேதி, கையெழுத்து.”

இந்த நான்கு வரியில் ஒவ்வொரு துணுக்கும் பின்னால் வரக்கூடிய ஒரு கோரிக்கையை அடைக்கிறது. விசி எண் இல்லாவிட்டால் வேறு பெட்டியைக் கொடுத்ததாகச் சொல்லலாம். ‘வேலை செய்யும் நிலையில்’ என்பது விடுபட்டால் பழுதுக் கட்டணம் கேட்கலாம். உபகரணங்களின் பெயர் இல்லாவிட்டால் ரிமோட்டுக்குக் கேட்கலாம். ‘பாக்கி இல்லை’ என்பது இல்லாவிட்டால் பழைய மாதங்களைக் கிளறலாம். கேபிள்காரர் கையெழுத்துப் போட மறுத்தால் பெட்டியை அவரிடம் விட்டுவிட்டு வரக் கூடாது. அரசு கேபிள் என்றால் மாவட்ட நிர்வாகத்தில் அதற்கென்று உள்ள அலுவலரை அணுகலாம். தாம்பரம் மாநகராட்சிப் பகுதி இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால் போக வேண்டிய ஆட்சியர் அலுவலகம் செங்கல்பட்டில் உள்ளது. பழைய நினைப்பில் காஞ்சிபுரத்துக்குப் போனால் வீண் அலைச்சல். தனியார் நிறுவனப் பெட்டி என்றால் அந்த நிறுவனத்துக்கே மின்னஞ்சல் எழுதி, பெட்டியை எங்கே யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்கலாம். பதில் வராவிட்டாலும், கொடுக்க முன்வந்ததற்கு அந்த மின்னஞ்சல் சாட்சியாக நிற்கும்.

அடுத்தது டிடிஹெச். இன்னும் 80 நாள் மீதி. கட்டிய விலையில் நாளுக்கு 13 ரூபாய், ஆக மீதி 1,040 ரூபாய் என்று குடும்பம் நினைக்கும். திட்டத்தின் நிபந்தனையில் இடையில் விலகினால் சாதாரண விலையில் கணக்கிடப்படும் என்று இருந்து, சாதாரண விலை நாளுக்கு 15 ரூபாய் என்றால், கழிந்த 100 நாளுக்கு 1,500 போய் 840 ரூபாய்தான் மிஞ்சும். காணாமல்போன 200 ரூபாயைத் துண்டிப்புக் கட்டணம் என்று சந்தாதாரர் கோபிப்பார். நிறுவனம் தள்ளுபடியைத் திரும்பப் பெற்றதாகச் சொல்லும். இந்த நிலையில் ரத்து செய்யாமலிருப்பதே லாபம். செயற்கைக்கோள் சிக்னலுக்குச் சேலையூரும் ஊரப்பாக்கமும் ஒன்றுதான். கிண்ணத்தையும் பெட்டியையும் புதிய வீட்டில் பொருத்திக்கொண்டு 80 நாளை ஓட்டிவிட்டு, பிறகு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடலாம். இடமாற்றத்துக்கு நிறுவனம் கேட்கும் கட்டணம், ரத்து செய்தால் இழக்கும் 200 ரூபாயைவிடக் குறைவாக இருந்தால் இது சரியான முடிவு. ஊரை விட்டே சில மாதம் போகிறவர்களுக்கு இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதியும் விதிகளில் உண்டு. துண்டித்துவிட்டு மறுபடி புதிதாக எடுப்பதைவிட அது மலிவாக முடியலாம்.

இந்தக் கட்டணங்கள் பற்றி ஒரு பழைய தகவல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 2017 விதிகள் புதிய இணைப்பைப் பொருத்த 350 ரூபாய்க்கு மேலும், செயல்படுத்த 100 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருந்தன. பல வழிகாட்டிகள் இதையே இப்போதும் சொல்கின்றன. 2024 ஜூலையில் டிராய் செய்த திருத்தத்தில் பொருத்துதல், செயல்படுத்துதல், வீட்டுக்கு வந்து பார்த்தல், இடமாற்றம், தற்காலிக நிறுத்தம் ஆகியவற்றின் கட்டணங்களை நிறுவனங்களே தீர்மானிக்கலாம் என்று விடப்பட்டது. மாதாமாதம் வாங்கும் நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பும், 130 ரூபாயும் அதன்மேல் வரியும் என்பது, அதோடு போயிற்று. அதற்குப் பதிலாக நிறுவனங்கள் தங்கள் கட்டணங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். சந்தாதாரரின் வாதமும் இதற்கேற்ப மாற வேண்டியிருக்கிறது. “டிராய் இவ்வளவுதான் வாங்கச் சொல்லியிருக்கிறது” என்பது இனிமேல் செல்லாது. “இந்தக் கட்டணம் உங்கள் வலைத்தளத்தில் எங்கே இருக்கிறது, நான் கையெழுத்திட்ட படிவத்தில் எங்கே இருக்கிறது” என்று கேட்பதுதான் செல்லும். கேட்டவுடன் மறைந்துவிடும் கட்டணங்கள் பல உண்டு. உச்சவரம்பை நீக்கியது சந்தாதாரருக்கு நல்லதா என்பது வேறு விவாதம். கட்டணப் பட்டியலைத் தேடிப் படிக்கும் வேலை அவர்மேல் விழுந்திருப்பது மட்டும் உறுதி.

பழுதான பெட்டி தனிப் பிரச்சினை. முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இது வெறும் கற்பனை அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் அடையாற்றை ஒட்டிய இந்தப் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில் இருந்த பெட்டிகளும் தப்பவில்லை. வாடகைப் பெட்டியையோ அரசுப் பெட்டியையோ வேலை செய்யும் நிலையில்தான் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அப்போது உறுத்தும். வெள்ளம் வடிந்த வாரத்திலேயே நிறுவனத்தில் புகார் பதிந்து எண் வாங்கியவருக்கு ஒரு நிலை. ஓராண்டு கழித்து, வீடு மாறும் நாளில், பெட்டி ஏன் ஓடவில்லை என்று கேட்கும்போது வெள்ளத்தைச் சொல்பவருக்கு வேறொரு நிலை. சேறு படிந்த பெட்டியைத் தூக்கி எறிவதும் தவறு. உள்ளே எதுவும் வேலை செய்யாவிட்டாலும் தொடர் எண் உள்ள கூட்டைத் திருப்பித் தந்தால் அது பழுதான பெட்டி. தராவிட்டால் அது காணாமல்போன பெட்டி. இரண்டுக்கும் கேட்கும் தொகை ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

வாடகை வீடுகளில் இன்னொரு கோணலும் உண்டு. பெட்டி வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் இருந்தால் குடியிருப்பவர் அதைத் துண்டிக்கவும் முடியாது, ஆபரேட்டரிடம் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. அவர் செய்ய வேண்டியது சாவியோடு சேர்த்துப் பெட்டியையும் சொந்தக்காரரிடம் ஒப்படைத்து, அட்வான்ஸ் கணக்கு முடிக்கும் தாளிலேயே அதையும் எழுதச் சொல்வது. மாறாக, பெட்டி குடியிருப்பவர் பெயரில் இருந்து, அடுத்து வருபவருக்குப் பயன்படட்டும் என்று நல்லெண்ணத்தில் விட்டுவிட்டுப் போனால், அடுத்து வருபவரின் பாக்கியும் பெட்டியின் பொறுப்பும் போனவர் பெயரிலேயே தொடரும்.

சொந்தப் பணத்தில் வாங்கிய பெட்டியை யாரும் திருப்பிக் கேட்க முடியாது, கார்டு நிறுவனத்துடையது என்றால் கார்டைத் தவிர. அதே சமயம் அந்தப் பெட்டியால் பெரிய பயனும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் சிக்னலைத் திறக்காது. எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்துக்கும் பயன்பட வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தும் வீட்டுப் பெட்டிகளில் அது இன்னும் நிகழவில்லை. பழைய பெட்டிகளை நிறுவனங்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதும் இல்லை. அவை மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கூடுதல் பணம் கேட்டாலோ வைப்புத்தொகையைத் தராமல் இழுத்தாலோ முறையிடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து புகார் எண் வாங்க வேண்டும். அங்கே தீரவில்லையென்றால் அந்த நிறுவனம் மாநிலத்துக்கு நியமித்திருக்கும் நோடல் அதிகாரிக்கு, புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். அவருடைய தொடர்பு விவரம் நிறுவனத்தின் வலைத்தளத்தில் இருக்க வேண்டும். டிராய்க்கு நேராக எழுதுவதில் பலர் காலத்தை வீணாக்குகிறார்கள். அது விதிகளை வகுக்கும் அமைப்பு; தனிப்பட்ட சந்தாதாரரின் புகாரை விசாரித்துத் தீர்ப்பு சொல்வதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிந்தால் அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள். சில நூறு ரூபாய்த் தகராறுகளுக்கு இதுவே ஏற்ற இடம்.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நிறுவனம் எங்கே பதிவு செய்திருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தாம்பரத்தில் குடியிருப்பவருக்கு அது செங்கல்பட்டு. இணையம் வழியாகவும் e-jagriti.gov.in தளத்தில் மனு செய்யலாம். தொலைத்தொடர்புச் சேவைப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாமா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. விசாரிக்கலாம் என்று ஒரு கைப்பேசி நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். துண்டிப்புக் கோரிக்கை எண், திரையின் படம், பெட்டி ஒப்படைத்த ஒப்புகைத் தாள் ஆகிய மூன்றையும் குறைந்தது அந்த இரண்டு ஆண்டுக்காவது பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.